இசட்-ஸ்கோர் பூஜ்யத்துக்குத் திரும்பியது, பணம் ஏன் திரும்பவில்லை?

சேர்ந்தே நகரும் இரண்டு பங்குகளில் விலை கூடியதை விற்று, மற்றதை வாங்கி, இடைவெளி குறுகும்போது லாபம் பார்ப்பது ஜோடி வர்த்தகம். அதைச் செய்பவர் தம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கும்போது விளங்காத ஒரு வகை நட்டம் கண்ணில் படும். விலை இடைவெளி தன் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் விலகியிருக்கிறது என்று சொல்லும் இசட்-ஸ்கோர் 2-ஐத் தொட்ட நாளில் நுழைந்திருப்பார். அது 0.5-க்குக் கீழே இறங்கிய நாளில் வெளியேறியிருப்பார். விதியில் எதையும் மீறியிருக்க மாட்டார். வரைபடத்தில் பார்த்தால் கோடு உச்சிக்குப் போய், சொன்னபடியே நடுக்கோட்டுக்குத் திரும்பியிருக்கும். ஆனாலும் கணக்கில் நட்டம், அதுவும் பெரிய நட்டம் நிற்கும். இது தரவுப் பிழையால் வருவது அன்று. இரண்டு பங்குகளுக்கு இடையிலான உறவு முறியும்போது, இசட்-ஸ்கோர் கணக்கிடப்படும் விதத்திலேயே இந்த நட்டம் பிறக்கிறது. அது எப்படி என்பதை எண்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உறவு நன்றாக இருக்கும்போது எல்லாம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஒரே தொழிலில் உள்ள இரண்டு நிறுவனங்களை ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஓராண்டு விலைகளை ரிக்ரெஷன் முறையில் பொருத்திப் பார்த்ததில், பி பங்கின் விலை ஒரு அலகு நகரும்போது ஏ பங்கின் விலை சராசரியாக 1.2 அலகு நகர்கிறது என்று தெரிகிறது. இந்த 1.2 தான் ஹெட்ஜ் விகிதம். ஏ-யின் விலையிலிருந்து பி-யின் விலையை 1.2 மடங்காக்கிக் கழித்தால் கிடைப்பது ஸ்பிரெட், அதாவது விலை இடைவெளி. சந்தை முழுவதும் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பங்குகளும் சேர்ந்தே நகர்வதால், அந்தப் பொது நகர்வு கழிந்துபோய், இவ்விரண்டுக்கும் இடையே மட்டும் நடப்பது ஸ்பிரெட்டில் எஞ்சுகிறது.

நம் எடுத்துக்காட்டில் இந்த ஸ்பிரெட்டின் 60 நாள் சராசரி 10 என்றும், திட்டவிலக்கம் 4 என்றும் கொள்வோம். ஒரு நாள் ஏ 624-க்கும் பி 505-க்கும் விற்கின்றன. 505-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 606. எனவே ஸ்பிரெட் 18. சராசரியிலிருந்து 8 அலகு விலகியிருக்கிறது. அதைத் திட்டவிலக்கமான 4-ஆல் வகுத்தால் 2. இதுவே இசட்-ஸ்கோர். ஏ தன் வழக்கமான நிலையைவிடப் பி-யை ஒப்பிட விலை கூடியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டு, ஏ பங்கில் 100-ஐக் கடன் வாங்கி ஷார்ட் விற்று, பி பங்கில் 120-ஐ வாங்குகிறோம். ஒரு பக்கம் 62,400, மறுபக்கம் 60,600, ஏறக்குறையச் சமம்.

சில நாள் கழித்து ஏ 615-க்கும் பி 503-க்கும் வந்துவிட்டால் ஸ்பிரெட் 11.4 ஆகிறது. பழைய சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொண்டு பார்த்தால் இசட்-ஸ்கோர் 0.35. ஷார்ட் விற்ற ஏ-யில் 900 லாபம், வாங்கிய பி-யில் 240 நட்டம், நிகரம் 660. ஸ்பிரெட் 18-லிருந்து 11.4-க்கு இறங்கிய 6.6 அலகை 100-ஆல் பெருக்கினாலும் இதே 660 தான் வரும். இந்தச் சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜோடி வர்த்தகத்தில் கைக்கு வரும் பணம் ஸ்பிரெட் நகர்ந்த தொலைவைப் பொறுத்தது, இசட்-ஸ்கோர் நகர்ந்த தொலைவைப் பொறுத்தது அன்று. செலவையும் மறக்கக் கூடாது. நுழைய இரண்டு, வெளியேற இரண்டு என நான்கு பரிவர்த்தனைகள், ஒவ்வொன்றுக்கும் 0.1 சதவீதம் போனால், ஏறக்குறைய 245 கரைந்து, 660-இல் 415 தான் மிஞ்சும்.

அளவுகோலே நகரும்போது

வரைபட மென்பொருள்கள் இசட்-ஸ்கோரைப் பரவலாக இப்படித்தான் கணக்கிடுகின்றன:

```python
spread = a - 1.2 * b
m = spread.rolling(60).mean()
s = spread.rolling(60).std()
z = (spread - m) / s
```

இதில் சராசரியும் திட்டவிலக்கமும் நாள்தோறும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொரு நாளும் மிகப் பழைய ஒரு நாள் கணக்கிலிருந்து விழுந்து, இன்றைய நாள் உள்ளே வருகிறது. உறவு நிலையாக இருக்கும்வரை இதில் தீங்கில்லை. உறவு முறிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

18-இல் நாம் நுழைந்த மறுநாள், ஏ நிறுவனம் பல ஆண்டுகளாக நட்டம் தந்துவந்த ஒரு பிரிவை நல்ல விலைக்கு விற்றுவிட்டதாக அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி-யின் விலை 505-லேயே இருக்க, ஏ-யின் விலை 646-க்குத் தாவுகிறது. ஸ்பிரெட் 40. இது தற்காலிகமான தாவல் அன்று. ஏ நிறுவனத்தின் மதிப்பே மாறிவிட்டதால், இனி ஸ்பிரெட் 40-ஐச் சுற்றித்தான் முன்போலவே 4 அலகு அளவில் ஊசலாடப்போகிறது. நமக்கு 22 அலகு எதிராகப் போயிருக்கிறது. 100 பங்குக்கு 2,200 நட்டம்.

முதல் நாளில் 60 நாள் கணக்கில் ஒரு நாள் மட்டுமே புதிய நிலை. சராசரி 10.5 ஆகிறது, திட்டவிலக்கம் ஏறக்குறைய 5.5 ஆகிறது, இசட்-ஸ்கோர் 5.3-க்குப் பறக்கிறது. பத்தாம் நாளில் புதிய நிலையின் பத்து நாட்கள் கணக்கில் சேர்ந்துவிட்டதால் சராசரி 15-க்கு ஏறுகிறது. அதைவிட முக்கியமாக, பழைய நிலையும் புதிய நிலையும் கலந்து கிடப்பதால் திட்டவிலக்கம் ஏறக்குறைய 12 ஆக வீங்குகிறது. ஸ்பிரெட் அசையாமல் 40-லேயே இருக்க, இசட்-ஸ்கோர் 2.1-க்கு இறங்கிவிடுகிறது. இருபதாம் நாளில் 1.4. முப்பதாம் நாளில் 1-க்குச் சற்றுக் கீழே. நாற்பத்தெட்டாம் நாளில் சராசரி 34, திட்டவிலக்கம் 12.6, இசட்-ஸ்கோர் 0.47. வெளியேறும் விதி 0.5 என்றால், அன்று மென்பொருள் வர்த்தகம் முடிந்தது என்று காட்டும். நட்டம் முதல் நாளில் இருந்த அதே 2,200. அறுபதாம் நாளில் பழைய நிலை முழுவதும் கணக்கிலிருந்து விழுந்து, இசட்-ஸ்கோர் பூஜ்யமாகிறது.

இந்த அறுபது நாளும் ஸ்பிரெட் சராசரியை நோக்கி ஓர் அடிகூட வரவில்லை. சராசரிதான் ஸ்பிரெட்டை நோக்கி நடந்து வந்தது. இசட்-ஸ்கோரின் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒரேபோலத் தோன்றும். ஆகவே ஸ்பிரெட் வரைபடத்தை மேலேயும் இசட்-ஸ்கோரைக் கீழேயும் வைத்து, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழ்க்கோடு திரும்பி வரும்போது மேல்கோடும் திரும்பி வருகிறதா என்று ஒரு கணம் பார்த்தாலே இந்த ஏமாற்றம் பிடிபட்டுவிடும்.

தாவல் இப்படி ஒரே நாளில் நடந்தால் இசட்-ஸ்கோர் 5-க்கு மேல் போவதால், 3-ஐத் தாண்டினால் நட்டத்தோடு வெளியேறுவது என்று ஸ்டாப் லாஸ் வைத்திருப்பவர் முதல் நாளே வெளியேறிவிடுவார். நட்டம் பெரிதுதான் என்றாலும் அறுபது நாள் காத்திருக்க மாட்டார். உறவு மெல்ல மெல்ல அவிழும் நிலைதான் இன்னும் ஆபத்தானது. ஏ நிறுவனம் புதிய தயாரிப்பில் முன்னேறுகிறது, பி பின்தங்குகிறது. ஸ்பிரெட் நாளுக்கு அரை அலகு வீதம் ஏறிக்கொண்டே போகிறது என்று கொள்வோம். அறுபது நாளில் 10-லிருந்து 40-க்கு, அதே 30 அலகு. ஆனால் தினசரி ஊசலை ஒதுக்கிப் பார்த்தால், இந்த அறுபது நாளில் நகரும் இசட்-ஸ்கோர் ஏறக்குறைய 1.75-ஐத் தாண்டுவதே இல்லை. ஊசலும் சேரும்போது அவ்வப்போது 2-ஐத் தொட்டுப் புதிய நுழைவுக்கு அழைக்கும். 3-ஐ எட்டி நம்மை எச்சரிப்பது அரிது.

இதற்குக் காரணம் எளிய வடிவியல். நேர்கோடாக ஏறும் ஒரு தொடரில், கடைசிப் புள்ளி சராசரியிலிருந்து மொத்த ஏற்றத்தில் பாதித் தொலைவில் இருக்கும். அதே தொடரின் திட்டவிலக்கம் மொத்த ஏற்றத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3-இன் வர்க்கமூலம், அதாவது 1.73 கிடைக்கும். ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், கணக்கின் 60 நாளையும் அந்த ஏற்றமே நிரப்பிவிட்ட பிறகு விடை இதைத் தாண்டாது. ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கும் முதல் சில நாட்களில் மட்டும் இசட்-ஸ்கோர் உயரக்கூடும். மெதுவாகத் தொடங்கினால் அதுவும் இல்லை. நகரும் இசட்-ஸ்கோரில் ஸ்டாப் லாஸ் வைப்பவர் இந்த வகை முறிவுக்கு எதிராக ஏறக்குறையப் பாதுகாப்பே இல்லாமல் நிற்கிறார்.

ஹெட்ஜ் விகிதத்தையும் நாள்தோறும் புதுப்பிக்கும் முறைகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. நம் கையில் இருப்பது 100-க்கு 120 என்ற பழைய விகிதம். வரைபடமோ இன்றைய கணக்கின்படி 1.26 என்ற புதிய விகிதத்தில் ஸ்பிரெட்டை வரைகிறது. திரையில் குறுகுவது நம்மிடம் இல்லாத ஒரு ஸ்பிரெட். நம்முடையது விரிந்துகொண்டே போகலாம்.

இதற்கு மருந்து பழையதும் எளியதும் ஆகும். 1980-களின் நடுவில் மார்கன் ஸ்டான்லி முதலீட்டு வங்கியில் நுன்சியோ டார்டாக்லியாவின் குழு இந்த வர்த்தகத்தைப் பெரிய அளவில் செய்தது. பின்னர் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேடெவ், கோட்ஸ்மன், ரூவன்ஹார்ஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், 12 மாத விலைகளைக் கொண்டு ஜோடிகளைத் தேர்ந்து, அடுத்த 6 மாதம் வர்த்தகம் செய்யும் முறையைச் சோதித்தார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்தும் இரண்டு திட்டவிலக்கம் என்ற நுழைவு எல்லை அவர்களுடைய விதியிலும் இருந்தது. ஆனால் அந்தத் திட்டவிலக்கம் தேர்வுக் காலத்தில் அளந்து நிறுத்திவைக்கப்பட்டது. வர்த்தகக் காலத்தில் நகரவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் விலைகள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கணக்கு மூடப்பட்டது. உறையவைத்த அளவுகோலும் கால எல்லையும் அந்த விதியின் உள்ளேயே இருந்தன. இரண்டு திட்டவிலக்கம் என்ற எண் மட்டும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தாங்கி நின்ற மற்ற இரண்டும் பல நேரங்களில் விடுபட்டுப்போகின்றன.

செய்ய வேண்டியது, நுழையும் நாளின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் விகிதத்தையும் குறித்துவைத்துக்கொண்டு, வெளியேறும்வரை அவற்றைக் கொண்டே அளப்பது:

```python
z_fixed = (spread - m[entry]) / s[entry]
```

நம் எடுத்துக்காட்டில் இந்த உறைந்த இசட்-ஸ்கோர் தாவல் நடந்த நாளிலும் 7.5, நாற்பத்தெட்டாம் நாளிலும் 7.5. மெல்ல ஏறும் நிலையிலும் அது நாள்தோறும் ஏறிக்கொண்டே போய் 3-ஐயும் 4-ஐயும் வெளிப்படையாகக் கடக்கும். நகரும் கணக்கைப் புதிய வாய்ப்பு தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் வர்த்தகத்தை அதைக் கொண்டு நடத்தக் கூடாது.

கால எல்லைக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு நாளின் ஸ்பிரெட் விலகலில் எத்தனை பங்கு மறுநாளும் மிஞ்சுகிறது என்று பழைய தரவில் கணக்கிடலாம். அது 0.93 என்றால், விலகல் பாதியாகக் குறைய ஏறக்குறைய 10 நாள் ஆகும். இதை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். இப்படிப்பட்ட ஜோடியில் 30 நாள் ஆகியும் விலகல் குறையவில்லை என்றால், மூன்று அரைவாழ்வுக் காலம் கடந்துவிட்டது. விலகலில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்க வேண்டும். அது முழுமையாகவே மிஞ்சியிருக்கிறது என்பது பழைய உறவு இப்போது இயங்கவில்லை என்பதற்கு வலுவான சான்று. பணத்தில் எவ்வளவு நட்டமாயிற்று என்று பார்ப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

உறவைக் கட்டிவைப்பது எது

இதுவரை சொன்னவை முறிவு நடந்த பிறகு அதைக் கண்டுகொள்ளும் வழிகள். முன்கூட்டியே சந்தேகிக்க வேண்டுமானால், இந்த இரண்டு விலைகளையும் எந்தக் கயிறு சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கின என்பது உடன்தொடர்பு மட்டுமே. அப்படி நகரும் இரண்டு பங்குகள் நாளுக்குச் சிறிதளவு விலகிக்கொண்டே போய், ஓராண்டில் வெகுதூரம் பிரிந்துவிடலாம். நமக்கு வேண்டியது விலகினால் திரும்பி வரும் தன்மை. பொருளியலில் இதைக் கோஇன்டக்ரேஷன் என்கிறார்கள். ராபர்ட் எங்கிளும் கிளைவ் கிரேஞ்சரும் 1987-இல் இதற்கான சோதனை முறையை வகுத்தார்கள். அந்தச் சோதனையை நடத்துவது நல்லதே. ஆனால் 50 பங்குகளைக் கலைத்துப் போட்டால் 1,225 ஜோடிகள் வரும். எந்த உறவுமே இல்லாவிட்டாலும், 5 சதவீத எல்லையில் அவற்றில் 60-க்கு மேற்பட்டவை தற்செயலாகத் தேறிவிடும். அப்படித் தேறிய ஜோடி பிறகு பிரிந்தால், அங்கே முறிவதற்கு உறவே இருந்ததில்லை. ஏன் சேர்ந்து நகர்கின்றன என்பதற்குத் தொழில் சார்ந்த விடை ஒன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த விடை மிக வலுவாக இருந்த ஒரு ஜோடிகூட எப்படி முறிந்தது என்பதற்கு 2008-இன் ஃபோக்ஸ்வாகன் நல்ல பாடம். ஜெர்மனியின் இந்த நிறுவனத்துக்கு இரண்டு வகைப் பங்குகள் உண்டு. சாதாரணப் பங்குக்கு வாக்குரிமை உண்டு. முன்னுரிமைப் பங்குக்கு வாக்குரிமை இல்லை, ஆனால் லாப ஈவு சற்றே கூடுதல். ஒரே தொழிற்சாலைகள், ஒரே லாபம், ஒரே நிர்வாகம். இதைவிடப் பொருத்தமான ஜோடியைக் கற்பனை செய்வதே கடினம். சாதாரணப் பங்கு முன்னுரிமைப் பங்கைவிட வெகுவாக ஏறிப்போனபோது, பல முதலீட்டு நிதிகள் சாதாரணப் பங்கை ஷார்ட் விற்று முன்னுரிமைப் பங்கை வாங்கின. இசட்-ஸ்கோர் பார்த்தவர்களுக்கும் அது பார்க்காதவர்களுக்கும் அது நியாயமான வர்த்தகமாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் இரண்டையும் கட்டியிருந்த கயிறு லாபத்தின் மீதான உரிமை மட்டுமே. வாக்குரிமை தனியே ஒரு பொருளாக விலைபோகத் தொடங்கினால் அந்தக் கயிறு பிடிக்காது. போர்ஷே நிறுவனம் 2005 முதலே ஃபோக்ஸ்வாகனின் சாதாரணப் பங்குகளை வாங்கிச் சேர்த்துவந்தது. 2008 செப்டம்பரில் அதன் கையிருப்பு 35 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு வாக்குகள்தாம் தேவைப்பட்டன, ஆகவே முன்னுரிமைப் பங்கை அது நாடவில்லை. ஸ்பிரெட் விரிந்ததற்குக் காரணம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே இருந்தது. ஒரு பங்கை மட்டும் ஒருவர் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

2008 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷே தன் நிலையை வெளியிட்டது. சாதாரணப் பங்குகளில் 42.6 சதவீதம் நேரடியாகவும், பங்குக்குப் பதில் விலை வித்தியாசம் பணமாகத் தீர்க்கப்படும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் வழியாக மேலும் 31.5 சதவீதமும் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. மொத்தம் 74.1. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது, அது விற்கப்போவதில்லை. ஆக, சந்தையில் வாங்கக் கிடைத்தது ஏறக்குறைய 6 சதவீதம் மட்டுமே. ஷார்ட் விற்கப்பட்டிருந்ததோ அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. திருப்பித் தர வேண்டிய பங்குகள் அத்தனையும் சந்தையில் இல்லை என்பது ஒரே இரவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஏறக்குறைய 210 யூரோவில் முடிந்த சாதாரணப் பங்கு, செவ்வாய்க்கிழமை 1,000 யூரோவைத் தாண்டி விற்றது. சிறிது நேரத்துக்கு ஃபோக்ஸ்வாகனே சந்தை மதிப்பில் உலகின் மிகப் பெரிய நிறுவனமாக இருந்தது. 210-இல் 100 பங்கு ஷார்ட் விற்றவர் 21,000 யூரோ பெற்று, 1,000-இல் திருப்பி வாங்கினால் 79,000 யூரோவை இழப்பார். முன்னுரிமைப் பங்கு உடன் ஏறவில்லை; அதை வாங்கி வைத்திருந்தது எந்தக் காப்பையும் தரவில்லை. மறுநாள் போர்ஷே 5 சதவீதம் வரையிலான பங்குகளுக்கு ஈடான நிலைகளைத் தீர்த்துக்கொள்வதாக அறிவித்த பின்னரே விலை தணிந்தது.

இப்படிப்பட்ட ஒரு தாவலை 60 நாள் நகரும் இசட்-ஸ்கோர் எப்படிக் காட்டும் என்று பாருங்கள். இன்றைய விலையும் கணக்கில் சேரும் என்பதால், தாவல் எவ்வளவு பெரியதோ அதற்கேற்பத் திட்டவிலக்கமும் வீங்கும். கணக்கிட்டால், ஒரே நாள் தாவலுக்கு இசட்-ஸ்கோர் 59-ஐ 60-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் ஏறக்குறைய 7.6-ஐத் தாண்ட முடியாது. ஸ்பிரெட் 30 அலகு தாவினாலும் 800 அலகு தாவினாலும் எண் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இழப்பின் அளவை அந்த எண்ணிலிருந்து ஒருபோதும் அறிய முடியாது.

முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருந்ததா? வாக்குகள் எங்கே போகின்றன என்பதற்கான குறிப்புகள் ஸ்பிரெட்டுக்கு வெளியே இருந்தன. கையிருப்பு அறிவிப்புகள், ஷார்ட் விற்பதற்குக் கடன் வாங்கும் பங்கின் கட்டணம், புழக்கத்தில் மிஞ்சியிருக்கும் பங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இசட்-ஸ்கோர் பார்ப்பதில்லை. ஆப்ஷன்கள் வழியாகச் சேர்த்த பகுதி அந்த ஞாயிறுவரை வெளியே முழுமையாகத் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் ஸ்பிரெட் விரிந்தபோது ஜோடியின் எந்தக் கால், அதாவது எந்தப் பங்கு நகர்ந்தது, யார் அதை நகர்த்துகிறார் என்ற கேள்விக்கான விடை தெரிந்தே இருந்தது. இரண்டு பங்குகளும் காரணமின்றிச் சிறிது சிறிதாக விலகியிருந்தால் அது திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. ஒரு கால் மட்டும், பெயர் சொல்லக்கூடிய ஒரு காரணத்தால் நகர்ந்திருந்தால், அந்தக் காரணம் முடியும்வரை அங்கே நுழையாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம்.

கயிறு அறாமலே பிடித்திருப்பவர் தோற்கும் நிலையும் உண்டு, அதை உறவு முறிவோடு குழப்பக் கூடாது. ராயல் டச்சும் ஷெல்லும் 1907 முதல் 60-க்கு 40 என்ற விகிதத்தில் லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருந்தன. எனவே ராயல் டச்சின் மொத்த மதிப்பு ஷெல்லின் மதிப்பைப்போல ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். 1997-இல் அது 8 முதல் 10 சதவீதம் கூடுதலாக விற்றபோது, லாங் டேர்ம் கேபிட்டல் மேனேஜ்மென்ட் நிதி ராயல் டச்சை விற்று ஷெல்லை வாங்கியது. 1998 இலையுதிர்காலத்தில் அந்த இடைவெளி 20 சதவீதத்தைத் தாண்டியது. மற்ற வர்த்தகங்களிலும் பெருநட்டப்பட்டிருந்த அந்த நிதி அந்த நேரத்தில்தான் வெளியேற நேர்ந்தது. 2005-இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகி இடைவெளி இல்லாமலே போனது. ஒப்பந்தம் கடைசிவரை உடையவில்லை. பிறருடைய கடனில் நின்றவரால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. எனவே அரைவாழ்வுக் காலமும் உறைந்த அளவுகோலும் உறவின் உடல்நிலையைச் சொல்லும்; கடனுக்கு ஈடாக வைக்கும் மார்ஜின் பணம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தனியே, வர்த்தகத்தைத் தொடங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும்.

முறிவுக்குப் பிறகு அதே ஜோடிக்குத் திரும்பலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. நம் எடுத்துக்காட்டில் அறுபது நாள் கழித்து வரைபடம் மீண்டும் அமைதியாகிவிடும். ஸ்பிரெட் 40-ஐச் சுற்றி ஊசலாடும், இசட்-ஸ்கோர் 2-க்கும் -2-க்கும் இடையே நடமாடும், நுழையச் சொல்லும் குறிகளும் வரும். நிலை மட்டும் மாறி, தொழில் உறவு அப்படியே இருந்தால், இதைப் புதிய ஜோடியாக எண்ணி, புதிய தரவில் விகிதத்தையும் அரைவாழ்வுக் காலத்தையும் மறுபடி அளந்து தொடங்கலாம். ஆனால் ஏ நிறுவனத்தை வேறொருவர் குறித்த விலைக்கு வாங்க முன்வந்ததுதான் தாவலுக்குக் காரணம் என்றால் கதை வேறு. அப்போது ஏ-யின் விலை அந்தக் குறித்த தொகைக்கு அருகிலேயே கட்டுண்டு கிடக்கும். தொழிலில் என்ன நடந்தாலும் அது பி-யோடு சேர்ந்து நகராது. ஸ்பிரெட்டில் இனி தெரிவதெல்லாம் பி-யின் தனி நகர்வு, 1.2 மடங்காகவும் தலைகீழாகவும். பி சற்று இறங்கினாலே இசட்-ஸ்கோர் 2-ஐத் தொடும். அதைப் பார்த்து ஏ-யை விற்றுப் பி-யை வாங்குபவர், ஜோடி வர்த்தகம் என்ற பெயரில், பி ஏறும் என்று காப்பில்லாத ஒற்றைப் பந்தயம் கட்டுகிறார். கடைசி 60 நாளில் ஏ, பி இரண்டின் தினசரி மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏ அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். ஸ்பிரெட் வரைபடத்தில் மட்டும் பார்த்தால் தெரியாது.